மொட்டை மாடியில் 26 ஃபில்டர்கள்

குடியிருப்போர் அனைவருக்கும்,

நம் மொட்டை மாடியில் கிழக்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, துணிக்கொடிகளுக்குக் குறுக்கே வராதபடி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு காய்கறித் தோட்டம் போடலாம் என்பது யோசனை. காய்க்கு 24 வட்டப் பைகள், கீரைக்கு 2 அகலப் பைகள். ஆடி பிறந்ததும் விதைப்பு. 8 வீடுகள் சேர்ந்தால் போதும். கிழமைக்கு ஒரு வீடாக 7 வீடுகள் தண்ணீர் ஊற்றும், எட்டாவது வீடு மாற்றுக்கு இருக்கும். வீட்டுக்கு 600 ரூபாய் போட்டால் பை, மண், உரம், விதை, அடியில் வைக்கும் செங்கல் எல்லாம் வாங்கிவிடலாம். வரவு செலவு நோட்டு வாட்ச்மேன் மேசையில் இருக்கும், யாரும் புரட்டிப் பார்க்கலாம்.

திட்டம் இவ்வளவுதான். ஆனால் விதிகளை மட்டும் எழுதி லிப்ட் பக்கத்தில் ஒட்டினால் அவை இரண்டு வாரம்கூடத் தாங்காது. ‘ஹோஸ் பைப் பிடிக்கக் கூடாது’ என்றால் ஏன் என்று தோன்றும். ‘அடுத்தவர் முறையில் ஊற்றக் கூடாது’ என்றால் கொஞ்சம் கோபம்கூட வரும். ஒரு பைக்குள் தண்ணீர் என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால் விதிகள் தாமாகவே புரியும். அதைத் தெரிந்துகொள்ள நம் எல்லோர் வீட்டிலும் ஒரு மாதிரி இருக்கிறது: காபி ஃபில்டர்.

பைக்குள் என்ன இருக்கிறது

ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் அடியில் துளைகள், அதன்மேல் பொடி, பொடிமேல் காம்பு வைத்த துளைத்தட்டு. செடிப் பையும் இதே அமைப்புதான். அடிப்பக்கத்தில் துளை, உள்ளே மண் கலவை, மேலே மூடாக்கு.

கலவையில் செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு. இதில் நார்க்கழிவு செய்யும் வேலை, காபிப் பொடியில் சிக்கரி செய்யும் வேலை. சிக்கரி சேர்ந்த பொடியில் வெந்நீர் மெல்ல இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள்; சிக்கரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நார்க்கழிவும் அப்படித்தான். 5 கிலோ கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறப் போட்டால் ஏறக்குறைய 70 லிட்டர் அளவுக்கு உப்பிவிடும். அது இல்லாமல் வெறும் செம்மண்ணை நிரப்பினால் வெயிலில் செங்கல்லாக இறுகும். நார்க்கழிவை மட்டும் நிரப்பினால் செடிக்குத் தின்ன ஒன்றும் இருக்காது, ஏனென்றால் அதில் சத்து அநேகமாக இல்லை. சத்து உரத்திலும் மண்ணிலும்தான் இருக்கிறது. கட்டியைக் கரைத்த முதல் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு இரண்டு முறை அலசவேண்டும். தேங்காய் மட்டையின் உப்பு அதில் இருக்கும்.

துளைத்தட்டின் வேலையை மூடாக்கு செய்கிறது. தட்டு இல்லாமல் வெந்நீரை நேராகப் பொடிமேல் ஊற்றினால் நடுவில் குழி விழுந்து, தண்ணீர் அந்தக் குழி வழியாகவே ஓடிவிடும். பையிலும் காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் நார் ஏதாவது இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பியிருந்தால் தண்ணீர் சிதறிப் பரவி இறங்கும். வெயிலில் மேல்மண் காயும் வேகமும் குறையும். ஹோஸ் பைப் வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் இதுதான்: அதன் வேகத்தில் மூடாக்கு ஒதுங்கி, வேர் வெளியே தெரியும். இன்னொரு காரணம், எவ்வளவு ஊற்றினோம் என்பது பைப் பிடித்தவருக்குத் தெரியவே தெரியாது.

ஃபில்டரோடு பொருந்தாத ஓரிடமும் உண்டு. காபியில் நமக்கு வேண்டியது கீழே இறங்குவது. தோட்டத்தில் நமக்கு வேண்டியது மேலே தங்குவது. கீழே சொட்டுகிற ஒவ்வொரு சொட்டும் கொஞ்சம் உரத்தைக் கரைத்துக்கொண்டுதான் போகிறது.

முதல் சொட்டில் நிறுத்துவது

ஆகவே அளவு விதி ஒன்றே ஒன்று. குளியலறை மக்கில் ஏறக்குறைய 1 லிட்டர் பிடிக்கும். ஒவ்வொரு பையிலும் மெல்ல ஊற்றிக்கொண்டே வந்து, அடித்துளையில் முதல் சொட்டு விழுந்ததும் நிறுத்திவிட வேண்டும். முதல் சொட்டு விழுந்தால் பை முழுக்க நனைந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் ஊற்றுவது இரண்டாம் டிகாக்‌ஷன்.

செடி சிறியதாக இருக்கும்போது அரை மக்கிலேயே சொட்டும். காய்க்கிற வெண்டைக்கு வெயில் நாளில் ஒன்று, ஒன்றரை மக் போகும். மொத்தத் தோட்டத்துக்கும் வெயில் நாளில் 40 லிட்டருக்குக் கொஞ்சம் கூட, அதாவது 15 லிட்டர் வாளியில் மூன்று. மாடி ஏறி இறங்கும் நேரம் சேர்த்து இருபது நிமிட வேலை. காலை ஏழரைக்குள் முடித்துவிட்டால் நல்லது.

இந்த விதி ஏமாற்றும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு, அதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பொடியைச் சரியாக அமுக்காத நாளில் வெந்நீர் ஊற்றிய வேகத்திலேயே இறங்கி, வெளிறிய டிகாக்‌ஷன் கிடைக்கும் இல்லையா? நார்க்கழிவு ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காமல் தள்ளும். கலவையும் சுருங்கிப் பையின் ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கும். அந்த ஓரம் வழியாகத் தண்ணீர் ஓடி, கால் மக் ஊற்றுவதற்குள் கீழே சொட்டும். பை நிறைந்துவிட்டது என்று நினைத்து நகர்ந்தால், நடுவில் வேர் இருக்கும் இடம் பொடி மாதிரி காய்ந்தே கிடக்கும். சந்தேகம் வந்தால் நடுவில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அரை மக் ஊற்றி, மற்ற பைகளைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து வந்து மறுபடி அரை மக். இப்படி இரண்டு மூன்று தவணையில் நார் மறுபடி ஈரத்தை ஏற்றுக்கொள்ளும்.

நேர்மாறான கோளாறு, மேலே தண்ணீர் தேங்கி நிற்பது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அடியை அடுப்பில் காட்டித் துளையைத் திறப்போம். பைக்கு ஒரு குச்சியோ ஆணியோ போதும், அடித்துளையைக் குத்திவிட்டால் இறங்கிவிடும். அப்படியும் இறங்காமல் கீழிலைகள் மஞ்சளாகி, மண்ணில் அழுகல் வாடையும் சிறு ஈக்களும் தெரிந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். அந்தப் பைக்கு இரண்டு மூன்று நாள் தண்ணீர் கிடையாது.

கை குறைவதைவிடக் கை கூடுவதே ஆபத்து

முறை வைப்பது யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக என்று நினைப்போம். பொதுத் தோட்டத்தில் அது இரண்டாவது காரணம்தான். ஒரு நாள் தண்ணீர் தவறினால் செடி வாடும், மறுநாள் ஊற்றினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். இரண்டு மூன்று பேர் நல்ல மனசோடு ஒரே நாளில் ஊற்றுவதுதான் மெல்ல மெல்லக் கொல்லும்.

செவ்வாய்க்கிழமை வீடு காலை ஆறரைக்கு ஊற்றிவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணிக்கு நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர், மேல்மண் காய்ந்திருப்பதைப் பார்த்துப் பைக்கு ஒரு மக் ஊற்றுகிறார். மேல்மண் வெயில் பட்ட அரை மணியில் காய்வது இயல்பு, ஈரம் உள்ளே இருக்கிறது. அது அவருக்குத் தெரிய வழியில்லை. மதியம் இரண்டு மணிக்குத் துணி எடுக்க வந்தவர் இலைகள் தொங்குவதைப் பார்க்கிறார். உச்சி வெயிலில் வேர் எடுக்கும் தண்ணீரைவிட இலை விடும் தண்ணீர் அதிகம், அதனால் நன்றாக ஊற்றிய செடியும் தொங்கும், ஐந்து மணிக்குத் தானாக நிமிரும். அவர் பதறிப்போய் இன்னொரு மக். அன்றைக்கு அந்தப் பைகள் மூன்று முறை வடிகட்டப்பட்டுவிட்டன.

செடிக்கு முதலில் பஞ்சமாவது தழைச்சத்து. அது தண்ணீரில் சுலபமாகக் கரைந்து ஓடும். பஞ்சம் வந்ததும் செடி தன் பழைய இலைகளிலிருந்து தழைச்சத்தை உருவிப் புதுத் துளிருக்கு அனுப்பும். அதனால் அடியிலைகள் ஒரே சீராக வெளிறி மஞ்சளாகும், நுனி பச்சையாகவே இருக்கும். இதைப் பார்ப்பவர் என்ன செய்வார்? வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவார். ஒரு மாதம் இப்படிப் போனால், தினம் மூன்று பேர் பார்த்துக்கொண்ட தோட்டம் சோகை பிடித்து நிற்கும், யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே அடையாளம் ஒன்று. தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டின் பக்கத்தில் ஒரு ஆணியும் சிவப்பு மக் ஒன்றும் இருக்கும். காலையில் ஊற்றி முடித்தவர் மக்கைக் கழுவி ஆணியில் மாட்டிவிட வேண்டும். ஊற்றாதவரை மக் வாளிக்குள் கிடக்கும். மக் ஆணியில் தொங்கினால் அன்றைக்கு யாரும் ஊற்றக் கூடாது, செடி எவ்வளவு பாவமாகத் தொங்கினாலும். அன்றைய முறைக்காரரே இரவில் அதை எடுத்து வாளிக்குள் போட்டுவிடுவார், மறுநாள் முறைக்காரர் அதிலிருந்து வேலையைத் தொடங்குவார். காலை எட்டரைக்கும் மக் வாளியிலேயே இருந்தால் பார்த்தவர் மாற்று வீட்டுக்கு ஒரு போன் செய்தால் போதும், தானே ஊற்ற வேண்டாம். காலையிலேயே செடி தொங்கிக்கொண்டிருந்தால் மட்டும் அது உண்மையான தாகம், அல்லது வேர் அழுகல். விரல் விட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

வாரத்துக்கு ஒரு கிழமை என்று நிலையாக வைப்பதற்கும் காரணம் உண்டு. வீட்டு எண் வரிசையில் சுற்றிவரும் பட்டியல் போட்டால் இன்றைக்கு யார் என்று தினம் பட்டியலைப் பார்க்க வேண்டியிருக்கும், யாராவது ஊருக்குப் போனால் வரிசை முழுக்கக் குழம்பும். கிழமை என்றால் உடம்பே நினைவு வைத்துக்கொள்ளும். டெல்டாவில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறைப்பாசனம் வைப்பார்கள். தன் முறை எப்போது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருப்பதில்லை. ஊருக்குப் போகிறவர்கள் மாற்று வீட்டிடம் முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று வீட்டுப் பொறுப்பு கைமாறும்.

காய் யாருக்கு

அன்றைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவருக்கே அன்றைய காய். பங்கு போட்டு எடைபோட்டுக் கொடுக்கும் முறையை நான் யோசித்துவிட்டுத் தள்ளிவிட்டேன், ஏனென்றால் பங்கு போடும் அளவுக்கு வராது. 10 பைகளில் இரண்டிரண்டாக 20 வெண்டைச் செடி வைத்தால், நல்ல காய்ப்பில் ஒரு நாளைக்குப் பத்துக் காய் கிடைக்கலாம். சாம்பாருக்கு ஆகும். அதை எட்டு வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு ஒன்றேகால் வெண்டைக்காய்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றி நாராகிவிடும், முற்றிய காயைச் சுமக்கும் செடி புதுக் காய் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். தினம் ஒருவர் பறித்தே ஆகவேண்டும்; அவர் எப்படியும் தண்ணீருக்காக மாடிக்கு வந்திருப்பவர். நுனி ‘டப்’பென்று ஒடிந்தால் பறிக்கலாம், வளைந்தால் அது முற்றல், அதையும் பறித்து எருவில் போடவேண்டும். மாற்று வீட்டுக்குக் கீரைப் பை இரண்டில் ஒன்று முழுக்கச் சொந்தம். அரைக்கீரை என்றால் வேரோடு பிடுங்காமல் கிள்ளி எடுங்கள், திரும்பத் தழையும்.

மற்ற பைகளில் 8 கத்தரிக்கு, 6 மிளகாய்க்கு. தக்காளியை ஆடியில் சேர்க்கவில்லை. இரவிலும் வெக்கை குறையாத மாதங்களில் நம் ஊரில் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிர்வது அதிகம். மழை விட்டு மார்கழிக் குளிர் வந்ததும் வெண்டை ஓய்ந்த பைகளில் அதை வைத்துக்கொள்ளலாம்.

பூச்சி மருந்து விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். யாரும் தனியாக எதையும் தெளிக்கக் கூடாது. இன்று நீங்கள் தெளித்ததை நாளைக்கு வேறு வீட்டுக் குழந்தை சாப்பிடும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரில் கலப்பதற்குச் சில துளி சோப்புக் கரைசல், மாலையில் தெளிப்பு. இது மட்டும், அதுவும் நோட்டில் எழுதிவிட்டு. வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய், மருந்து கிடையாது. பார்த்தவர் தயங்காமல் செடியைப் பிடுங்கிவிடலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

மாடி தாங்குமா, ஒழுகுமா

மூன்றாம் மாடி வீடுகளின் நியாயமான கேள்வி இது. 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பையை முக்கால் பாகத்துக்குமேல் நிரப்பினால் சுமார் 18 லிட்டர் கலவை, நனைந்த நிலையில் 20 கிலோ அளவுக்கு வரும். மனிதர் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ மேற்சுமை என்று இந்தியக் கட்டட விதி கணக்கிடுகிறது. பைகளை ஒட்டி ஒட்டி அடுக்கினால் ஒரு சதுர மீட்டரில் பதினொன்று பிடிக்கும், 220 கிலோ ஆகிவிடும். எனவே பைக்குப் பை இரண்டடி இடைவெளி, கைப்பிடிச் சுவரோரம் உத்தரத்தின்மேல் வரிசையாக மட்டும். கீரைப் பையில் கலவை அரையடி உயரத்துக்குமேல் போகக் கூடாது. அகலத்தால் அதன் எடை கண்ணுக்குத் தெரியாமல் ஏறும். தளத்தின் நடுவில் எதுவும் வைக்கக் கூடாது. நம்முடையது பழைய கட்டடம் என்பதால் தொடங்குமுன் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுவது நிபந்தனை. அவர் வேண்டாம் என்றால் இந்தத் திட்டம் அத்தோடு முடிந்தது.

ஒழுக்கு பற்றி: ஒவ்வொரு பையும் இரண்டு செங்கல்மேல் நிற்கும். அடியில் காற்று ஓடித் தளம் காய்ந்துகொண்டே இருக்கும், முதல் சொட்டும் கண்ணுக்குத் தெரியும். பைக்கு அடியில் தட்டு வைக்கவே கூடாது. முதல் சொட்டில் நிறுத்துகிறவருக்குத் தட்டு தேவையும் இல்லை. தட்டில் தேங்கிய தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். எடையும் வேரும் பெருகும் என்பதால் முருங்கை, எலுமிச்சை, வாழை போன்றவற்றை யாரும் அன்பளிப்பாகக்கூடக் கொண்டுவர வேண்டாம்.

மழையிலும் கோடையிலும்

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் தண்ணீர் முறைக்காரருக்கு வேலை மாறும், கிழமை மாறாது. மழைக்குப்பின் எந்தப் பை சொட்டாமல் நிற்கிறது என்று பார்த்துத் துளை குத்திவிடுவது ஒன்று. மழைநீர்க் குழாயின் வாயில் கட்டியிருக்கும் வலையில் சேர்ந்த மண்ணையும் இலையையும் அள்ளிவிடுவது இன்னொன்று. 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட வடிகட்டுக் குழிக்குத்தான் அந்தக் குழாய் போகிறது, நம் தோட்டத்து மண் அதை அடைக்கக் கூடாது. அடைமழை நல்லதும் ஒன்று செய்யும். போர் தண்ணீரின் உப்பு பையின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கும், அது கழுவிப்போகும். கூடவே தழைச்சத்தும் போகும் என்பதால் மழை ஓய்ந்ததும் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டுக் கிளறிவிட வேண்டும். மற்ற மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

சித்திரை, வைகாசியில் தோட்டத்துக்கு விடுமுறை. கட்டடத்துக்கு லாரித் தண்ணீர் வாங்கும் நாளில் செடிக்குத் தொட்டித் தண்ணீர் கிடையாது என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்வது பிறகு சண்டையைத் தவிர்க்கும். மிளகாய்ப் பைகளை மட்டும் ஏசி தண்ணீரால் காப்பாற்றலாம். ஏசி ஓடும் மாதமும் அதுதான், வீட்டுக்கு ஒரு வாளி தாராளமாகச் சேரும், உப்பில்லாத தண்ணீர். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை ஊற்ற வேண்டாம், அதில் போர் தண்ணீரின் உப்பு இன்னும் செறிந்து இருக்கும். காய்ந்த பைகளை மூடி வைத்துவிட்டு, அடுத்த ஆடியில் கலவையைக் கொட்டி, வேர்களை எடுத்து, கால் பங்கு புது உரம் சேர்த்தால் மறுபடி பயன்படுத்தலாம்.

தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித் தோட்டத் தளைகள் இந்த ஆண்டு எப்போது வருகின்றன என்று மாவட்டத் தோட்டக்கலை அலுவலகத்தில் ஒருவர் விசாரித்துச் சொன்னால் வீட்டுப் பங்கு குறையும். அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர் யாராவது சொல்லுங்கள்.

சேர விரும்புவோர் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வாட்ச்மேன் மேசையிலுள்ள நோட்டில் வீட்டு எண்ணையும், வேண்டிய கிழமை இரண்டையும் எழுதுங்கள். ஞாயிறு எல்லோருக்கும் பிடித்த கிழமை என்பதால் அது சீட்டுக் குலுக்கலில்தான். தோட்டமே வேண்டாம் என்பவர்களும் அதே நோட்டில் காரணத்தோடு எழுதவும். குறிப்பாக மேல் மாடி வீடுகளில் ஏற்கெனவே கூரையில் ஈரக்கசிவு இருந்தால், பொறியாளர் வரும் நாளில் அதை முதலில் காட்டிவிடலாம்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடிவாசி